மதி வந்தானா, வந்தாளா? ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர் வைக்க நினைப்பவர்கள் எதை யோசிக்க வேண்டும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர் பெயர் படிக்கிறார். 'சுமன்' என்றதும் அவர் தேடுவது ஓர் ஆணை. தமிழ், தெலுங்கு சினிமா பார்த்து வளர்ந்தவருக்கு சுமன் என்றால் நடிகர்தான். ஆனால் கையைத் தூக்குவது பீகாரிலிருந்து வந்த ஒரு பெண். அடுத்த பெயர் 'ஜோதி'. இந்த முறை அவர் கண் பெண்கள் வரிசைக்குப் போகிறது. வந்து நிற்பதோ மேற்கு வங்கத்துக்காரர், மீசை வைத்த ஆள். வங்கத்தில் 1977-லிருந்து 2000 வரை முதலமைச்சராக இருந்தவர் பெயரே ஜோதி பாசுதான்.

இது கற்பனைக் காட்சி. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளில் வேலை பார்ப்பவர்களுக்குப் புதிதாக இருக்காது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்கம், அசாம், பக்கத்திலேயே ஆந்திரா என்று எல்லா ஊர்ப் பெயர்களும் ஒரே வருகைப் பதிவேட்டில் இருக்கும் இடம் இது. ஒரு பெயர் ஆணுடையதா பெண்ணுடையதா என்பதை அந்தப் பெயர் மட்டும் முடிவு செய்வதில்லை, அதைப் படிப்பவரின் ஊரும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்பது இங்கே தினமும் தெரியும்.

இதே பகுதியில் வேலை பார்க்கும் இளம் தம்பதிகள் சிலர் இப்போது வேண்டுமென்றே இருபாலுக்கும் பொதுவான பெயரைத் தேடுகிறார்கள். மதி, எழில், யாழ், கவி, தமிழ், பாரதி, கிரண். 'பையனா இருந்தாலும் பொண்ணா இருந்தாலும் இதே பேருதான்' என்று பிரசவத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறவர்களும் உண்டு. உடனே வீட்டில் கேள்வி வரும்: 'இது என்ன பேரு, ஆம்பள பேரா பொம்பள பேரா?'

நமக்கு இது புதுசா?

புதுசு இல்லை. தொல்காப்பியம் பெயரியலில் விரவுப்பெயர் என்று ஒரு வகையே இருக்கிறது. ஒரே பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட பாலுக்கும் திணைக்கும் பொதுவாக வருவதைப் பற்றியது அது. இதற்கு உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்லும் பெயர்களில் ஒன்று கோதை. இன்று கோதை என்றால் ஆண்டாள்தான் நினைவுக்கு வருவார். ஆனால் சங்ககாலச் சேர மன்னர்களில் மாக்கோதை என்றும் கோக்கோதை மார்பன் என்றும் பெயர் கொண்டவர்கள் இருந்தார்கள். மாலை என்ற பொருள் கொண்ட ஒரு சொல், போருக்குப் போகிற அரசனுக்கும் பொருந்தியிருக்கிறது.

பாரதி இன்னும் நெருக்கமான உதாரணம். அது கலைமகளின் பெயர். எட்டயபுரத்தில் சுப்பிரமணியன் என்ற சிறுவனுக்குப் பட்டமாகக் கிடைத்தது. அதன் பிறகு தமிழ்நாட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வைக்கிறார்கள். யாரும் 'இது எந்தப் பால்?' என்று கேட்பதில்லை.

தமிழ்ப் பெயர்களின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். பெரும்பாலான பெயர்களில் தலை பொது, வால்தான் பாலைக் காட்டும். மதிவாணன், மதிவதனி. தமிழ்ச்செல்வன், தமிழ்ச்செல்வி. எழிலரசன், எழிலரசி. சான்றிதழில் வால் இருக்கும், வீட்டில் கூப்பிடும்போது வால் போய்விடும். 'மதி, இங்க வா' என்று கூப்பிடும்போது அது மதிவாணனா மதிவதனியா என்பது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. முத்து, மணி, ஜீவா, ஜெயா என்று பாட்டி காலத்திலிருந்தே வீட்டுப் பெயர்கள் இப்படித்தான். இன்றைய பெற்றோர் செய்வது ஒன்றே ஒன்றுதான், வீட்டில் புழங்கும் வெட்டிய பெயரை அப்படியே சான்றிதழில் ஏற்றுகிறார்கள். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

பெயரை விட்டால் வினை பிடித்துக்கொள்ளும்

வங்காளத்திலும் ஒடியாவிலும் 'அவன்', 'அவள்' என்ற வேறுபாடே கிடையாது. வினைச்சொல்லும் பால் காட்டாது. ஒடியா பேசும் ஒருவர் மதி என்பவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாலும் அவர் ஆணா பெண்ணா என்று சொல்லாமலே முடிக்கலாம். இந்தியில் 'அவன், அவள்' பிரிவு இல்லை, ஆனால் வினை காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் இரண்டுமே காட்டிக்கொடுக்கும். 'மதி வந்தா...' வரைக்கும் சொல்லிவிட்டு, ன் போடுவதா ள் போடுவதா என்று நிற்க வேண்டியிருக்கிறது.

இதற்கும் பேச்சுத் தமிழ் ஒரு வழி வைத்திருக்கிறது: மரியாதை. 'மதி வந்தாங்களா?' என்றால் பிரச்சினை தீர்ந்தது. எழுத்தில் 'வந்தார்'. அலுவலகத்தில் முகம் பார்க்காமல் மெயிலில் மட்டும் பழகும் இடத்தில் இது போதும். பள்ளிக்கூடத்தில் போதாது. ஆறு வயதுக் குழந்தையை ஆசிரியர் 'வந்தாங்களா' என்று கேட்கப் போவதில்லை. ஆகவே தமிழ்ச் சூழலில் பொதுப்பெயர் பாலை மறைக்காது. முதல் ஒரு நிமிடத்துக்கு மட்டும் தள்ளிப்போடும். குழந்தை பெண் என்பதால் வேலைக்கான விண்ணப்பத்திலேயே ஒதுக்கப்படக் கூடாது என்று நினைத்துப் பொதுப்பெயர் தேடுபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது. நம்மூர் விண்ணப்பங்களில் பெயருக்குக் கீழேயே பால் கேட்கும் கட்டம், அதற்குப் பக்கத்தில் புகைப்படம். அந்தப் பாதுகாப்பைப் பெயரால் மட்டும் கொடுக்க முடியாது.

பஞ்சாபியர் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

இந்திய ஆண்கள் ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர் ஹர்மன்பிரீத் சிங். பெண்கள் கிரிக்கெட் அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர். முதல் பெயர் ஒன்றே. சீக்கியர்களிடம் குர்பிரீத், மன்பிரீத் என்று ஏராளமான பெயர்கள் இப்படி இருபாலுக்கும் உரியவை. ஆணுக்குப் பின்னால் சிங், பெண்ணுக்குப் பின்னால் கவுர் வருவதால் குழப்பம் இல்லை. பாலைச் சொல்லும் வேலையை இரண்டாவது பெயர் எடுத்துக்கொள்கிறது.

திபெத்தியர்களிடம் அந்த இரண்டாவது பெயர்கூடப் பல நேரம் பால் காட்டாது. தலாய் லாமாவின் பெயர் டென்சின் கியாட்சோ. அவரிடமிருந்து பெயர் பெற்ற டென்சின்கள் இந்தியாவின் திபெத்தியக் குடியிருப்புகளில் ஆண், பெண் இரண்டு பக்கமும் நிறைய உண்டு.

தமிழ்நாட்டில் நாம் சாதிப் பெயரை வெட்டிவிட்டு இனிஷியலோடு நிற்கிறோம். அது நல்ல காரணத்துக்காகச் செய்த காரியம். ஆனால் 'கே. மதி' என்று எழுதினால், கே என்பது அப்பா பெயரின் முதலெழுத்து என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இங்கே முழுச் சுமையும் ஒரே பெயரின் மேல் விழுகிறது.

நீதிமன்றம் வரை போன 'கிரண்'

பெயர் பாலைக் காட்டியே ஆக வேண்டுமா என்ற கேள்வி ஜெர்மனியில் உச்சபட்ச நீதிமன்றம் வரை போனது. போன பெயர் நம்மூர்ப் பெயர். மகளுக்குக் கிரண் என்று பெயர் வைக்க ஒரு தம்பதி விரும்பினார்கள். இந்தப் பெயரைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, அதனால் பதிய முடியாது என்றது பதிவு அலுவலகம். பால் தெளிவாகத் தெரியும் இன்னொரு பெயரையும் சேர்த்தால்தான் ஆகும் என்பது அங்கே அதுவரை இருந்த நடைமுறை. 2008 டிசம்பர் 5-ல் கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெயர் பாலைக் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெயரைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் உரிமை. குழந்தையின் நலனுக்கு ஆபத்து என்றால் மட்டுமே அரசு தலையிடலாம். கிரண் என்ற பெயரில் அப்படி எந்த ஆபத்தும் இல்லை.

ஐஸ்லாந்துக் கதை இன்னும் விசித்திரம். அங்கே ஒரு சிறுமிக்கு 'பிளைர்' என்று பெயர் வைத்தார்கள். இளந்தென்றல் என்று பொருள். அது ஆண்பால் சொல், பெண்ணுக்கு வைக்கக் கூடாது என்று பெயர்க் குழு மறுத்துவிட்டது. 15 வயது வரை அரசு ஆவணங்களில் அவள் பெயர் வெறும் 'பெண்பிள்ளை' என்றே இருந்தது. 2013 ஜனவரியில்தான் ரெய்க்யவிக் நீதிமன்றம் அவளுக்கு அவள் பெயரைத் தந்தது. 2019-ல் சட்டமே மாறி, ஆண் பெயர், பெண் பெயர் என்ற கட்டுப்பாடு அங்கே நீங்கியது.

இந்தியாவில் இப்படி எந்தத் தடையும் இல்லை. பிறப்புப் பதிவாளர் 'இது பையன் பேரு, பொண்ணுக்குப் பதிய மாட்டேன்' என்று சொல்ல முடியாது. சட்டம் நம் பக்கம் தாராளமாகத்தான் இருக்கிறது. தடுப்பது சட்டம் இல்லை, படிவத்தை நிரப்புகிறவரின் ஊகம்.

ஊகத்தின் விலை

தொழிற்பேட்டையில் இந்த ஊகத்துக்கு விலை பி.எஃப். பணம். யூ.ஏ.என். கணக்கில் இருக்கும் பெயர், பிறந்த தேதி, பால் மூன்றும் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். இப்போது விவரங்கள் ஆதாரிலிருந்தே எடுக்கப்படுவதால் தவறு குறைகிறது. ஆனால் பழைய கணக்குகளில் நிறுவனமோ ஒப்பந்ததாரரோ தட்டச்சு செய்த விவரம்தான் ஏறியிருக்கும். நூறு பேருடைய விவரத்தை ஒரே மூச்சில் ஏற்றுகிற குமாஸ்தா சுமனுக்கு 'ஆண்' என்றும் ஜோதிக்கு 'பெண்' என்றும் போட்டுவிட்டால், அது அன்றைக்கு யார் கண்ணிலும் படாது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்ப் பணம் கேட்கும் நாளில்தான் தெரியும். ஆதார் ஒத்துப்போகவில்லை என்று கோரிக்கை நின்றுவிடும்.

திருத்த வழி உண்டு. கூட்டு உறுதிமொழி என்ற விண்ணப்பத்தில் மாற்றக்கூடிய விவரங்களில் பாலும் ஒன்று. 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு கிடைத்த, ஆதாரால் சரிபார்க்கப்பட்ட யூ.ஏ.என். என்றால், 2025 ஜனவரி முதல் உறுப்பினரே ஆன்லைனில் திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்தைய கணக்கு என்றால் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்பந்ததாரர் எப்போதோ கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் அலைச்சல் அதிகம். மதி, மணி, முத்து, கிரண் என்று பெயர் கொண்ட யாரும் வேலையில் சேர்ந்த முதல் மாதமே மெம்பர் போர்ட்டலில் தன் சுயவிவரப் பக்கத்தைத் திறந்து, பால் என்ற வரியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஐந்து நிமிட வேலை.

இதை வைத்து 'பொதுப்பெயரே வேண்டாம்' என்று சொல்வது சரியில்லை. சுமனின் அம்மா பொதுப்பெயர் வைக்க வேண்டும் என்று நினைத்து வைக்கவில்லை. அவர் ஊரில் அது சாதாரணப் பெண் பெயர். கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறியதும் அது ஆண் பெயர் ஆகிவிட்டது. பங்கஜம் என்றால் நமக்குப் பாட்டி, பங்கஜ் என்றால் வடக்கே பையன். வேலைக்காக ஊர் விட்டு ஊர் போகிற காலத்தில் எந்தப் பெயரும் எங்கேயாவது ஓரிடத்தில் பால் மாறிவிடும்.

பையனுக்கு மட்டும் ஏன் தயக்கம்?

பெற்றோர் பேச்சில் வெளியே சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. பெண்ணுக்கு ஆண் பெயர் மாதிரி ஒன்று வைத்தால் அது துணிச்சல், பெருமை. பையனுக்குப் பெண் பெயர் மாதிரி ஒன்று வைத்தால் 'ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க' என்ற பயம். அமெரிக்காவிலும் இதே கதைதான். லெஸ்லி, ஆஷ்லி, பெவர்லி எல்லாம் ஒரு காலத்தில் ஆண்கள் பெயர். பெண்களுக்கு வைக்கத் தொடங்கியதும் பையன்களைப் பெற்றவர்கள் அந்தப் பெயர்களைக் கைவிட்டார்கள். நம் கோதையும் இன்று அப்படித்தான் இருக்கிறது.

கிண்டல் பயம் முழுக்க வீண் பயம் என்றும் சொல்லிவிட முடியாது. டேவிட் ஃபிக்லியோ என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்காவின் புளோரிடா பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. பெண்களுக்கு அதிகம் வைக்கப்படும் பெயர் கொண்ட பையன்கள், பதின்பருவத்தை நெருங்கும் வகுப்புகளில் ஒழுங்கு நடவடிக்கைகளில் அதிகம் சிக்கினார்கள் என்று அது சொன்னது. அதே வகுப்பில் அதே பெயரில் ஒரு பெண்ணும் இருந்தால் சிக்கல் கூடியது. ஆனால் கவனிக்க வேண்டியது, இது பெண் பெயராகவே பரவலாகத் தெரிந்த பெயர்களைப் பற்றியது. மதி, எழில், பாரதி போல இரண்டு பக்கமும் சமமாகப் புழங்கும் பெயர்களுக்கு இதை அப்படியே பொருத்துவது நியாயம் இல்லை. பையனுக்கு 'நிலா' என்று வைப்பதும் 'மதி' என்று வைப்பதும் பொருளில் ஒன்றுதான், பள்ளிக்கூடத்தில் ஒன்றல்ல.

பிள்ளை வளர்ந்த பிறகு, பிறப்பில் குறித்த பால் தன்னுடையது இல்லை என்று உணரவும் கூடும். 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் சான்று பெற்று ஆவணங்களில் பாலையும் பெயரையும் மாற்றலாம். பெயர் ஏற்கெனவே பொதுவானது என்றால், பாதி வேலை மிச்சம். பெயர் தேடும்போது இதை யோசிக்கும் பெற்றோர் இங்கே மிகக் குறைவு என்பதும் உண்மை.

நான்கு பெயர்கள், ஒரு குழந்தை

கவரைப்பேட்டையில் குடியிருக்கும் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்ளலாம். அவர் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு, அவருடைய மனைவி கணக்குப் பிரிவு. பெண் குழந்தை. கையில் நான்கு பெயர்: எழில், மதி, கிரண், பாரதி.

எழில் காதுக்கு இனிமை. ஆனால் ஆங்கிலத்தில் Ezhil என்று எழுதினால் வடக்கிலிருந்து வந்த மேலாளர் அதை 'எஸில்' என்பார். ழகரத்தின் விதி அது. வெளியூரில் வாழ்நாள் முழுக்க உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே இருக்கத் தயார் என்றால் வைக்கலாம்.

மதியில் உச்சரிப்புச் சிக்கல் குறைவு, எழுத்துக்கூட்டுச் சிக்கல் அதிகம். Mathi, Madhi, Mathy, Madi. பிறப்புச் சான்றில் ஒன்று, பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று போனால் வேலையே வேறு. போதாக்குறைக்கு எண்கணிதம் பார்க்கும் மாமா ஒருவர் வந்து இன்னொரு a சேர்க்கச் சொல்வார். ஒரே எழுத்துக்கூட்டை முதல் நாளே தாளில் எழுதி, எல்லா இடத்திலும் அதையே கொடுக்க வேண்டும்.

கிரண் எழுத எளிது, நாடு முழுக்கத் தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் பையன் பெயராகவே கேட்கும். 'கிரண் பேடி இல்லையா?' என்று பெற்றோர் அவ்வப்போது நினைவூட்ட வேண்டியிருக்கும்.

பாரதிக்குத் தமிழ்நாட்டில் விளக்கமே தேவையில்லை. வடக்கே அது பெண் பெயராகவோ குடும்பப் பெயராகவோ புரிந்துகொள்ளப்படும். இந்தக் குழந்தை பெண் என்பதால் அதிலும் பாதகம் இல்லை. பையனாக இருந்து டெல்லியில் வேலைக்குப் போனால் 'மேடம்' என்று மெயில் வரும், அவ்வளவுதான். நான்கில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், இந்தத் தம்பதிக்குப் பாரதிதான் பொருந்தும். தாத்தா, பாட்டியும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

அவசரப்படத் தேவையில்லை என்பது ஒரு வசதி. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை அல்ல. பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணம் இன்றிச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு. ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது அத்தனை சுலபம் இல்லை. 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டத் திருத்தம் சொல்வதால், அதில் இருக்கும் பெயரையே மற்ற அலுவலகங்களும் பின்பற்றும்.

அந்த ஒரு வருடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தேர்ந்தெடுத்த பெயரைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதி, தொழிற்சாலை கேன்டீனில் ஒடிசாக்காரர் ஒருவரிடமும் பீகார்க்காரர் ஒருவரிடமும் நெல்லூர்க்காரர் ஒருவரிடமும் காட்டி, 'இதைப் படிங்க, இது பையனா பொண்ணா?' என்று கேட்கலாம். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் பெயர் நிஜமாகவே பொதுப்பெயர். மூன்று பேரும் மூன்று விதமாகப் படித்தால், எழுத்துக்கூட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.